மீன்தொட்டிக்குத் தனிக் கையெழுத்து

வாடிக்கையாளர் வாயிலிருந்து "அப்படியே" என்ற சொல் விழுந்ததும் அவளுடைய கை தன்னாலே பின்னந்தலைக்குப் போகும். கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவும். பென்சில் வந்தால் கொண்டை அவிழும், முடி தோளில் சரியும். கேட்பவர் தன் பேச்சை முடிப்பதற்குள் அவர் கேட்கப்போகும் அலமாரி பாதி வரைந்தாகியிருக்கும். வேலையாட்கள் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய காட்சி இது. ஏணியின் உச்சியில் நிற்கும் எலக்ட்ரீஷியன்தான் முதலில் பார்ப்பார்.

"கொண்டை போச்சுடா!" என்று அங்கிருந்தே அறிவிப்பார்.

கீழே ரம்பம் நிற்கும். எல்லோருக்கும் புரிந்துவிடும், இன்னொரு வேலை கூடிவிட்டது, காசு கூடவில்லை.

அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சரி மேடம்'. எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பாள், பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பாள். கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ளே மரவேலை, மின்வேலை, வர்ணம் எல்லாம் சேர்த்து ஒப்பந்தம் எடுத்து முடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக்கொட்டகை, அதில் பாதி மரப்பலகை, மீதிப் பாதியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். கூட்டாளி அவளுடைய தாய்மாமா. அவள் வரைவாள், அவர் அறுப்பார்.

வீட்டில் முதல் பட்டதாரி அவள். அப்பா துணிக் கிடங்கில் காவல்காரர், அம்மா தையல். பட்டம் வாங்கி வந்த வாரத்திலேயே தெருவில் உள்ள விண்ணப்பங்கள் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. வங்கிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மின்வாரியத்தைத் திட்டி ஒன்று. "படிச்ச பொண்ணு, ரெண்டு வரி எழுதிக் குடுத்தா கொறைஞ்சா போயிடும்?" என்பார்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றாள். பக்கத்து வீட்டு அத்தை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'படிச்ச திமிர்' என்ற இரண்டு சொற்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு அவளுடைய நாக்கில் 'முடியாது' என்ற சொல் ஏறவே இல்லை. ஏறினாலும் வழுக்கி விழுந்துவிடும்.

இத்தனைக்கும் அவளுடைய ஒப்பந்தத் தாளில் ஏழாவது வரி தெளிவாகவே இருந்தது. 'வரைபடத்தில் இல்லாத வேலை எதுவானாலும், விலையும் நாளும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்தான பிறகே தொடங்கப்படும்.' கல்லூரியில் படித்ததை வைத்து அவளே அடித்தது. சுவரில் தொங்கும் தீயணைப்பானைப் போல அது அங்கேயே இருந்தது. எத்தனையோ முறை தீப்பிடித்தும் அவள் அதைக் கழற்றியதில்லை.

விலங்கு டாக்டரின் புது மருத்துவமனை வேலை வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை. காத்திருக்கும் கூடம், சிகிச்சை அறை இரண்டு, நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனித்தனியாகத் தங்கும் அறை, முன்னால் ஒரு நீள வரவேற்பு மேஜை. டாக்டர் தங்கமான மனுஷர். கோபம் என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டேதான் வருவார்.

"பெருசா ஒண்ணுமில்ல மேடம். அப்படியே இந்தச் சுவத்துல ஒரு சின்ன ஷெல்ஃப்."

சரிங்க.

"அப்படியே எடை பாக்குற மெஷினை தரையோட தரையா பதிச்சுட்டா நாய் தானா ஏறி நிக்கும் பாருங்க."

சரிங்க. தரையை உடைத்தார்கள்.

"நாய் ரூம் கதவுல அப்படியே ஒரு கண்ணாடி. உள்ள இருக்கிறவனுக்கும் பொழுது போகணும்ல?"

சரிங்க. செய்து முடித்த கதவைக் கழற்றி நடுவில் அறுத்தார்கள். அறுக்கும்போது மாமா பேசிய பேச்சை நாய்கள் கேட்காமல் இருந்தது அவற்றின் புண்ணியம்.

பிறகு வர்ணம் மாறியது. வெளிர்பச்சை அடித்து முடித்தபின் வெந்தய நிறம் கேட்டார், ஏனென்றால் பச்சையில் அவருக்கே கொஞ்சம் தலைசுற்றியது. வேறு சிலதும் உண்டு. எதையும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை, விலை சொல்லவில்லை, நாள் சொல்லவில்லை. செய்துகொடுத்துவிட்டு வாசலில் நின்று சிரித்தாள். ஆகவே டாக்டரும் நியாயமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார், இதெல்லாம் ஒப்பந்தத்துக்குள் அடக்கம் என்று. வேறு எந்த முடிவுக்கு அவர் வந்திருக்க முடியும்?

அதன்பிறகு வந்தது மீன்தொட்டி.

"பெருசா ஒண்ணுமில்ல மேடம்" என்றார். "அந்த ரிசப்ஷன் மேஜைக்குள்ளயே அப்படியே ஒரு மீன்தொட்டி. நாலடி நீளம் போதும். காத்திருக்கிறவங்களுக்கு மனசு சாந்தமா இருக்கும்."

கொண்டை போச்சு. டாக்டர் கார் ஏறிப் போனபின் மாமா உளியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பூனை வந்து காத்திருக்கிற எடத்துல மீனா? யாருக்கு சாந்தம்? பூனைக்கா, மீனுக்கா?"

"கண்ணாடி இருக்குல்ல மாமா."

"கண்ணாடி இருக்கு. தண்ணி இருக்கு. கல்லு இருக்கு. மொத்தம் முன்னூறு கிலோ. அந்த மேஜை வெறும் பலகை புள்ள. கம்ப்யூட்டரும் பில்லுப்புத்தகமும் வைக்கத்தான் நீ படம் போட்ட. அதுமேல முன்னூறு கிலோவை ஏத்தினா திறப்பு விழாவுக்கு முன்னாடி மேஜை திறந்துக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. உள்ளே இரும்புச் சட்டம் வேண்டும். தண்ணீர் மாற்ற வடிகுழாய் வேண்டும். மோட்டாருக்குத் தனி மின்இணைப்பு, கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச் வேண்டும். வெல்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும். குறைந்தது ஒன்பது நாள் கூடும். அவள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த வேலையில் மிச்சம் நிற்கவேண்டிய லாபம் முழுவதையும் அந்த மீன்கள் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கும் போலிருந்தது.

மாமா சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

"கதவு ஃபேக்டரில சூப்பர்வைசர் வேலை. மாசம் பொறந்தா சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் கோவத்துல சொல்லல கண்ணு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க. நீ சரிங்க சரிங்கன்னு அள்ளி விடுற, என் வீட்டுக்காரி அரிசி டப்பாவைத் தட்டிப் பாக்குறா. மீன்தொட்டிக்குத் தனியா பணம், தனியா கையெழுத்து. வாங்கிட்டு வா, இருக்கேன். இல்லன்னா நல்லபடியா போயிட்டு வரேன்."

மாமா போனால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லை என்றால் அவள் பட்டம் மட்டும் வைத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

மறுநாளே டாக்டரிடம் பேசப் போனாள். புது மருத்துவமனையில், காயாத வெந்தயச் சுவர்களுக்கு நடுவே நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைத் தொடங்கினாள். "டாக்டர், அது வந்து, நம்ம ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னா, அதாவது நான் என்ன சொல்ல வரேன்னா…"

"சொல்லுங்க சொல்லுங்க" என்றார் டாக்டர், சிரித்தபடி. "ஆங், மறந்துட்டேன். பூனை ரூம் கதவுக்குக் கீழ அப்படியே ஒரு குட்டிக் கதவு. பூனை அதுவா தள்ளிட்டு வரணும், போகணும்."

கொட்டகைக்குத் திரும்பி வந்தவளிடம் மாமா கேட்டார். "என்னாச்சு?"

"பேசினேன் மாமா."

"கையெழுத்து?"

"அது கெடைக்கல. ஆனா…"

"ஆனா?"

"பூனைக்குத் தனியா ஒரு கதவு."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். பலகைமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பணம் வாங்கப் போனவ வேலை வாங்கிட்டு வந்திருக்கா! டேய் எலக்ட்ரீஷியா, கேட்டியாடா?" அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது? ஆனால் சிரித்து முடித்ததும் மாமா கைப்பேசியை எடுத்து, கதவு ஃபேக்டரிக்காரருக்கு 'வெள்ளி அன்று நிச்சயம் சொல்கிறேன்' என்று செய்தி அனுப்பியதை அவள் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை.

அன்று மத்தியானம் உட்கார்ந்து தாளைத் தயார் செய்தாள். பேசினால்தானே நாக்கு வழுக்குகிறது, எழுத்து வழுக்காதே. முதலில், கையெழுத்தான நாலாம் எண் வரைபடத்தில் வரவேற்பு மேஜை எப்படி இருக்கிறது என்று எழுதினாள். அடுத்து, இப்போது என்ன கேட்கப்படுகிறது. அதற்கு என்னென்ன வேலை கூடும், ஏன் கூடும். பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, எத்தனை நாள் தள்ளும். அதன்கீழ் மூன்று வழிகள். முழுவதையும் இப்போதே செய்வது ஒன்று. தொட்டி வேண்டாம், பழைய படமே போதும் என்பது ஒன்று. சட்டத்தையும் குழாயையும் மட்டும் இப்போது உள்ளே வைத்துவிட்டு, தொட்டியைத் திறப்பு விழாவுக்குப் பிறகு வைப்பது இன்னொன்று. பூனைக்கதவைத் தனி வரியாகத் தனி விலையோடு சேர்த்தாள். 'கையெழுத்து வரும்வரை பழைய வரைபடப்படியே வேலை நடக்கும்' என்றும் எழுதினாள்.

முன்பு செய்துகொடுத்தவற்றை என்ன செய்வது? ஒரு கணம் அவற்றுக்கும் விலை போட்டாள். பிறகு அழித்தாள். செய்வதற்கு முன் விலை சொல்லாமல் செய்த வேலைக்கு இப்போது போய்க் காசு கேட்டால் அது வழிப்பறி. அதற்காக மறைக்கவும் வேண்டாம். 'ஏற்கெனவே கட்டணமின்றிச் செய்தவை' என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினாள். எழுதிப் பார்த்தபோது அவளுக்கே பகீரென்றது. இத்தனையா?

வெள்ளிக்கிழமை காலை டாக்டரின் பழைய மருத்துவமனைக்குப் போனாள். வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறை. காத்திருக்கும் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் மலைபோல ஒரு லாரி டிரைவர். மீசை மட்டும் அரைக்கிலோ இருக்கும். அவர் மடியில், காய்கறிப் பைக்குள், ஒரு வெள்ளை முயல்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் டிரைவர், அவள் கையில் விலங்கு எதையும் காணாமல்.

"எனக்குத்தான்" என்றாள், வாய் தவறி. பிறகு விஷயத்தைச் சொன்னாள். யாரிடமாவது சொன்னால் தேவலாம் என்றிருந்தது.

டிரைவருக்கு உற்சாகம் பொங்கியது. "அப்ப நான்தான் டாக்டருன்னு வெச்சுக்கங்க. பேசிப் பாருங்க."

"டாக்டர், மீன்தொட்டி நம்ம ஒப்பந்தத்துல வராதுங்க."

"அய்யய்யோ!" டிரைவர் நெஞ்சில் கை வைத்தார். "என் பூனைங்கல்லாம் அநாதையாயிடுமே! உங்களை என் கூடப்பொறந்த தங்கச்சியா நெனைச்சேனே!"

"அவர் அப்படியெல்லாம் பேச மாட்டாருங்க."

"இதைத் தாங்கிட்டா அவரைத் தாங்கிடலாம். ம், மறுபடி சொல்லுங்க."

இருவரும் மும்முரமாக இருந்தபோது ஜன்னலோரம் ஓர் அம்மா நாயோடு நின்று பேசுவது அவள் காதில் விழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பில் போடுபவர் டாக்டரின் அக்கா. கண்ணாடி மூக்கின் நுனியில், விரல் கால்குலேட்டரின்மேல்.

"ஊசி போட்டாச்சு. அப்படியே நகத்தையும் வெட்டி விட்டுருங்களேன்" என்றார் நாய்க்கார அம்மா.

"வெட்டலாம். நகத்துக்குத் தனி" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். "காதும் பாக்கணும்னா அதுக்கும் தனி. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் பில்லைப் பாத்துட்டு எம்மேல குலைக்கக் கூடாது."

நாய்க்கார அம்மா சிரித்தார். "நகம் மட்டும் போதும்" என்றார். அவ்வளவுதான். யாரும் யாரையும் திமிர் பிடித்தவர் என்று சொல்லவில்லை. கூரை இடிந்து விழவில்லை. சரி மேடம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள், மடியிலிருந்த தாளைத் தேடினாள். தாள் முயலின் வாயில் இருந்தது. பைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, அடிப்பக்கத்தைச் சுகமாக மென்றுகொண்டிருந்தது. டிரைவர் பதறிப் பிடுங்கினார். மூன்று வழிகளும் பத்திரமாக இருந்தன. விலை பத்திரமாக இருந்தது. இரண்டு கையெழுத்துக் கோடுகளும் மட்டும் முயலின் வயிற்றுக்குள் போயிருந்தன.

"பசி மேடம் அதுக்கு" என்றார் டிரைவர், குற்றவாளிக் குரலில். "வேற ஒண்ணுமில்ல."

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பிறந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தாள் இல்லை, ஆகவே இன்று பேச முடியாது, திங்கட்கிழமை வரலாம். கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை மாமா கதவு ஃபேக்டரியில் இருப்பார் என்பது அரை நொடி தாமதமாகத்தான் மூளைக்கு எட்டியது. திரும்பிய காலைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"அக்கா, ஒரு தாள் பிரிண்ட் எடுக்கணும். முயல் சாப்பிட்டுருச்சு."

"இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அனுப்புங்க" என்றார் அக்கா.

அனுப்பிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் ஒரு கொழுத்த சாம்பல் பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்! மீன்தொட்டி எந்த அளவுல இருக்கு?"

"டாக்டர்" என்றாள். செருமினாள். "மீன்தொட்டி நம்ம ஒப்பந்தத்துல வராதுங்க."

சொல்லிவிட்டாள்! தன் குரலைத் தானே கேட்டு அவளுக்கு ஒரு மாதிரி கிறுகிறுத்தது.

"வராதா?" டாக்டர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "சின்னத் தொட்டிதானே?"

"தண்ணியும் கல்லும் சேத்து முன்னூறு கிலோங்க. மூணு எருமைக்கன்னு ஏறி நிக்கிற மாதிரி."

"எந்த வயசுக் கன்னு?"

"அது… பெரிய கன்னுங்க. மேஜை தாங்காது. உள்ள இரும்புச் சட்டம், வடிகுழாய், தனி கரண்ட் லைன் எல்லாம் வேணும். அதுக்குத் தனியா பணம் ஆகும். ஒன்பது நாள் கூடும். நீங்க எழுத்துல சரின்னாத்தான் ஆரம்பிப்பேன். இல்லன்னா பழைய படத்துல இருக்கிற மாதிரி மேஜையைக் குறிச்ச நாளுக்குள்ள முடிச்சுத் தந்துடுவேன்."

டாக்டர் பேசவில்லை. பூனையும் பேசவில்லை. அந்த மௌனம் வளர்ந்துகொண்டே போனது. அதை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்போல அவளுக்குத் துடித்தது. பாதி விலை என்று சொல்லிவிடலாமா? கூலி வேண்டாம், இரும்புக்கு மட்டும் கொடுங்கள் என்று? கை பின்னந்தலைக்குப் போயேவிட்டது. அரிசி டப்பாவைத் தட்டும் மாமா வீட்டு அத்தை நினைவுக்கு வந்தாள். கையைக் கீழே இறக்கி, பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டாள். பூனை அவளை முறைத்தது.

"ஆனா மேடம், மத்ததெல்லாம் சேத்துத்தானே செஞ்சீங்க? ஷெல்ஃப், கதவு, பெயின்ட்டு…"

"சேத்து இல்லீங்க. உங்ககிட்ட சொல்லாம சும்மா செஞ்சேன். அது என் தப்பு. அதுக்குக் காசு கேக்க மாட்டேன். இதுக்குக் கேப்பேன்."

கதவு படாரென்று திறந்தது. அக்கா, கையில் பிரிண்ட் தாளோடு.

"டேய், இது என்னடா?" தம்பி டாக்டராகிப் பத்து வருஷம் ஆனாலும் அக்காவுக்கு அவர் 'டேய்'தான். "ஷெல்ஃபு, எடை மெஷினு, கண்ணாடிக் கதவு, பெயின்ட்டு ரெண்டு தடவை… இதெல்லாம் யாரைக் கேட்டு சொன்ன?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா…"

"வாயை மூடு. இங்க நகம் வெட்டக் காசு வாங்குறவ நான். நீ ஒரு பொம்பளைப்புள்ளயை வெச்சு ஊர் வேலையெல்லாம் சும்மா வாங்கியிருக்க." பிறகு இவள் பக்கம் திரும்பினார். சரி மேடத்துக்கு அடுத்த அடி. "நீங்க மட்டும் என்னம்மா? முதல் ஷெல்ஃபுக்கே இந்த மாதிரி ஒரு தாள் குடுத்திருந்தா நான் அன்னைக்கே இவனைப் புடிச்சிருப்பேன்ல? நீங்க நல்லவங்கன்னு பேர் வாங்க, நான் கணக்குத் தெரியாம உக்காந்திருக்கணுமா? ஒன்பது நாள்னு போட்டிருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள இந்தக் கட்டடத்தைக் காலி பண்ணணும். ஒன்பது நாள் நாய்ங்களை எங்க வீட்டு ஹால்லயா படுக்க வைப்பேன்?"

அவளுக்கு அது உறைத்தது. நாள் கூடும் என்று சொல்லாமல் 'சரிங்க' என்றதை அவள் இத்தனை காலமும் தாராளம் என்றே நினைத்திருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மாசக் கடைசியில் நடுத்தெருவில் நிற்கும் நாய்களாகத் தெரிந்தது.

"அதுக்குத்தான் மூணாவது வழி போட்டிருக்கேன் அக்கா" என்றாள் மெதுவாக. "சட்டம், குழாய், கரண்ட் லைன் மட்டும் இப்ப. மேஜையை மூடிட்டா அப்புறம் உள்ள வைக்க முடியாது, உடைக்கணும். தொட்டி அப்புறம் வரலாம். இதுக்கு ரெண்டு நாள்தான் கூடும். மாசக் கடைசிக்குள்ள வந்துடலாம்."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். வெல்டிங் கூலியில் ஒரு கேள்வி கேட்டார், பதில் சரியாக இருந்தது. விலையில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். சரி மேடம் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"விலையைக் குறைக்கணும்னா வேலையைக் குறைக்கணும் அக்கா. பூனைக்கதவை எடுத்துடலாம்."

"எடுத்துருங்க. பூனைக்குக் கதவைத் திறந்துவிட இவன் இருக்கான்ல."

"அப்ப மீன்?" என்றார் டாக்டர், பரிதாபமாக.

"மீன் அடுத்த மாசம். நீ சம்பாதிச்சு வாங்கு."

பூனைக்கதவு வரியை அடித்து, பக்கத்தில் இருவரும் சிறுகையெழுத்துப் போட்டு, புதுத் தொகையை எழுதி, கீழே டாக்டர் கையெழுத்திட்டார். அக்காவும் போட்டார், இனிமேல் தன் கையெழுத்தில்லாத எதுவும் செல்லாது என்ற அறிவிப்போடு. பாதித் தொகை அங்கேயே அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசி டிங் என்றது. அவள் வாழ்க்கையில் அத்தனை இனிமையான டிங்கைக் கேட்டதில்லை.

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் படவில்லை. பெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். நாய்க்கார அம்மாவின் நாய்க்கு வணக்கம் வைத்தாள். மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா! கையெழுத்து!"

"யாரோடது? உன்னோடதா?"

"டாக்டரோடது! அக்காவோடது! பணமும் வந்துருச்சு!"

மறுமுனையில் ரம்பத்தை யாரோ அணைத்தார்கள். "தேதி போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க மாமா."

"பூனைக்கதவு?"

"வராதுன்னு எடுத்தாச்சு!"

"டேய் எலக்ட்ரீஷியா," என்று மாமா கத்தியது கைப்பேசி இல்லாமலே கேட்டிருக்கும், "புள்ள வராதுன்னு சொல்லிட்டாடா!" விசில் சத்தம் வந்தது, பலகையைத் தட்டும் சத்தம் வந்தது. அந்தக் கூத்துக்கு நடுவே மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ஃபேக்டரிக்காரன்கிட்ட எனக்கு முதுகு வலின்னு சொல்லிடுறேன். நீ வெல்டரைப் பாத்துட்டு வா கண்ணு."

அவளுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் எதிரில் வந்து நின்றார். பையில் முயல், முகத்தில் மாமாவைவிடப் பெரிய சந்தோஷம்.

"ஜெயிச்சாச்சா தங்கச்சி? எனக்குத் தெரியும்! எங்காளு அந்தத் தாளைக் கடிக்கலன்னா அந்த அக்கா கண்ணுல அது பட்டிருக்குமா? சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தாள். நூற்றுக்கு நூறு உண்மை.

"அப்ப அப்படியே எங்காளுக்கு ஒரு சின்ன மர வீடு பண்ணிக் குடுத்துருங்க. லாரியில சீட்டுக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி. பைக்குள்ள பாவம், மூச்சு முட்டுது."

"சரிங்க" என்றாள்.

"யாரு அது?" என்றது கைப்பேசி. "என்ன சரி? எதுக்கு சரி? ஏய் புள்ள!"

அந்த மருத்துவமனை குறித்த நாளில் திறந்தது. அடுத்த மாதம் தனித்தாளில், தனிக் கையெழுத்தில் மீன்தொட்டியும் வந்தது. அதன்பிறகு வந்த வேலைகளில் எல்லாம் அவள் தாளோடுதான் போகிறாள். இப்போதும் சில சமயம் கொண்டை அவிழ்கிறது, ஆனால் வரைந்த படத்துக்குக் கீழே விலை இருக்கிறது. "நீ தலைக்கனம் புடிச்சவளா ஆயிட்டியா?" என்று அவள் தன்னையே எப்போதாவது கேட்டுக்கொள்வதுண்டு. பதில் கிடைப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடும்.

முயல் வீடுதான் பாக்கி. கையெழுத்தில்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று மாமா சட்டம் பேசினார். அவள் விலை இடத்தில் பூஜ்யம் போட்டு ஒரு தாளை டிரைவருக்கு அனுப்பினாள். டிரைவர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'முயல் குட்டி போட்டிருக்கு, அஞ்சு. அப்படியே மாடி வைக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அவள் படத்தை மாற்றினாள். மாடி வைத்தால் சீட்டுக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை, பின்னால் வைக்க அளவு வேண்டும். அளவெடுக்க லாரி ஊரில் இருக்க வேண்டும், லாரியோ என்றைக்கும் வேறெங்காவது இருக்கிறது. டிரைவர் சாலையோரத்தில் நிறுத்தும்போதெல்லாம் கூப்பிடுகிறார். கோபமெல்லாம் இல்லை. எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லி, எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். போன தடவை பதினான்கு.